ரிவ்யூவில் ‘இருக்கிறது’ என்று எழுதுவதா, ‘இருக்கு’ என்று எழுதுவதா?

“மிக்ஸி ஒண்ணுக்கு ஆன்லைன்ல தமிழ்ல ரிவ்யூ எழுதணும். தமிழ்நாடு, இலங்கை, மலேசியான்னு எல்லா ஊர்க்காரங்களும் படிக்கிற இடம். பேச்சுத் தமிழ்ல எழுதினாத்தான் மனசுல நிக்கும்னு சிலர் சொல்றாங்க, எழுத்துத் தமிழ்ல எழுதினாத்தான் நம்புவாங்கன்னு சிலர் சொல்றாங்க. எதுல எழுதறது?”

வினைமுற்றும் வேற்றுமை உருபும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பொருள்களின் பெயர்கள் அடுக்களையில் புழங்குகிறபடியே இருக்கட்டும். அடுத்தவர் சொன்ன வார்த்தையை மட்டும் மேற்கோளுக்குள் அவர் பேசியபடியே விட்டுவிடுங்கள். பல ஊர்க்காரர்கள் படிக்கும் ரிவ்யூவுக்கு இதுதான் சரிப்படும். காரணம் கொஞ்சம் நீளம்.

எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என்று இரண்டே இருப்பதாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் வருகிறது. எழுதும்போது கைக்கு அகப்படுவது மூன்று படிகள். ‘உள்ளது’ மேல்படி, ‘இருக்கிறது’ நடுப்படி, ‘இருக்கு’ கீழ்ப்படி. ‘இயலவில்லை, முடியவில்லை, முடியல’ என்பதும் அப்படித்தான். ‘ஆகையால், அதனால், அதனால’ என்பதும் அப்படித்தான். பேச்சுத் தமிழை ஆதரிப்பவர்கள் திட்டுவது பெரும்பாலும் மேல்படியை. எழுத்துத் தமிழை ஆதரிப்பவர்கள் பயப்படுவது கீழ்ப்படியை. நடுப்படியைப் பற்றி இருவருக்குமே பெரிய புகார் இருக்காது. பத்திரிகை படிக்கிறவர் தினமும் கண்ணால் பார்க்கிற தமிழ் அது. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவருக்கும் அது கடினமில்லை. எனவே ‘எழுத்துத் தமிழில் எழுதுங்கள்’ என்று நான் சொல்வது இந்த நடுப்படியைத்தான்.

பேச்சுத் தமிழை அப்படியே எழுதினால் என்ன கெட்டுவிடும்? பேசும்போது குரல் செய்கிற வேலையை எழுத்து செய்வதில்லை. முக்கியமாக மூன்று இடங்களில் அர்த்தம் கைமாறிப் போகிறது.

முதல் இடம் இரண்டாம் வேற்றுமை. ‘மூடியை’ என்பதைப் பேச்சில் ‘மூடிய’ என்கிறோம். பேச்சில் சிக்கல் இல்லை, சொல்கிறவர் கையில் மூடி இருக்கும். எழுத்தில் ‘மூடிய’ என்பது பெயரெச்சமும்கூட. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “மூடிய ஜார்ல வெச்சு அமுக்குனா லீக் ஆகுது.” எழுதியவர் சொல்ல வந்தது, மூடியை ஜாரின்மேல் வைத்து அழுத்தினால் கசிகிறது என்று. படிப்பவருக்கோ, மூடியிருக்கும் ஜாருக்குள் எதையோ வைத்து அழுத்துவதாகத் தோன்றும். இரண்டாம் முறை படித்தால் புரிந்துவிடும். ஆனால் ரிவ்யூவை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. செல்போன் ரிவ்யூக்களில் இதே விபத்து இன்னும் அதிகம். “போன மாத்திக் குடுத்தாங்க” என்று தொடங்கினால், ‘போன மாசம்’ என்று வரப்போகிறதாக்கும் என்று கண் ஓடும். சட்டை ரிவ்யூவில் ‘சட்ட சரியில்ல’ என்று எழுதினால் சட்டையா சட்டமா என்று ஒரு கணம் தட்டும். ஐகாரத்தைத் தொலைக்காமல் ‘மூடியை’, ‘போனை’, ‘சட்டை’ என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரே ஒரு ஐகாரம்தான் வித்தியாசம்.

இரண்டாவது இடம் ‘-ா’ என்று முடிகிற வினைகள். ‘அரைச்சா’ என்பது அரைத்தால் என்றும் இருக்கலாம், அரைத்தாள் என்றும் இருக்கலாம். “அக்கா அரைச்சா நல்லா வருது” என்றால் அக்கா அரைத்துப் பார்த்தாளா, அக்கா அரைத்தால் மட்டும்தான் நன்றாக வருமா? ‘போட்டா’ என்பது சில ஊர்களில் புகைப்படமும்கூட, அதை விட்டுவிடுவோம். ரிவ்யூவின் உயிரே ‘இப்படிச் செய்தால் இப்படி ஆகிறது’ என்ற வாக்கியத்தில்தான் இருக்கிறது. அந்த ‘ஆல்’ தெளிவாக நிற்க வேண்டும். எனவே ‘போட்டால்’, ‘அரைத்தால்’, ‘அழுத்தினால்’ என்றே எழுதுங்கள்.

மூன்றாவது இடம் தொனி. “நல்லாத்தான் இருக்கு” என்ற வாக்கியத்தைக் குரலை ஏற்றிச் சொன்னால் பாராட்டு, இறக்கிச் சொன்னால் அரைமனது. ‘பரவாயில்லை’ இன்னும் மோசம். ‘ஏமாந்துபோகவில்லை, எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது’ என்றும் பொருள், ‘ஏதோ சகித்துக்கொள்ளலாம்’ என்றும் பொருள். எதிரில் உட்கார்ந்து கேட்பவருக்கு முகம் தெரியும். திரையில் படிப்பவருக்குத் தெரிவதெல்லாம் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்கள்தான். மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டு ‘காசுக்குப் பரவால்ல’ என்று முடித்தால் வாங்கச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா என்பது யாருக்கும் விளங்காது. ‘இந்த விலைக்கு வாங்கலாம்’ என்றோ, ‘இன்னும் ஐந்நூறு ரூபாய் போட்டு வேறு வாங்கலாம்’ என்றோ எழுதுங்கள். இந்த ‘வாங்கலாம்’ நல்ல சொல். பேச்சிலும் எழுத்திலும் அதே எழுத்துகள், எந்த ஊரிலும் அதே பொருள். ‘வாங்காதீர்கள்’ என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும், ‘வாங்காதீங்க’ என்றால் வாக்கியம் முழுவதையும் கீழ்ப்படிக்கு இழுத்துவிடும். அதற்குப் பதில் ‘வாங்க வேண்டாம்’ போதும்.

ஊர் விஷயம் இதைவிடப் பெரியது. பேச்சுத் தமிழ் என்று ஒன்று இல்லை, பல இருக்கின்றன. ‘உடைந்துவிட்டது’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ‘உடைஞ்சிடுச்சு’, மதுரையில் ‘உடைஞ்சிருச்சு’, யாழ்ப்பாணத்தில் ‘உடைஞ்சிட்டுது’. திருநெல்வேலியில் ‘உடைஞ்சிட்டு’ என்பார்கள். நெல்லைக்காரருக்கு அது முடிந்த வாக்கியம். மற்ற ஊர்க்காரருக்கு ‘உடைந்துவிட்டு’ என்ற எச்சம். உடைந்துவிட்டு என்ன ஆனது என்று மிச்ச வாக்கியத்தைத் தேடுவார். ‘உடைந்துவிட்டது’ என்று எழுதினால் நான்கு ஊர்க்காரர்களும் அவரவர் வாயில் மாற்றிப் படித்துக்கொள்வார்கள். எழுத்துத் தமிழை மரியாதைக்காக எழுதச் சொல்லவில்லை. அது எந்த ஊரின் பேச்சும் இல்லை என்பதால்தான் எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கிறது.

வினை வடிவம் மாறினால் தடுக்கி விழுவதோடு சரி. சொல்லின் பொருளே மாறும்போதுதான் உண்மையான ஆபத்து. “சர்வீஸ் சென்டர்ல நல்லா பேசினாங்க” என்பது சேலத்துக்காரருக்குப் பாராட்டு. யாழ்ப்பாணத்தில் ‘பேசுவது’ என்றால் ஏசுவது, திட்டுவது. சாதாரணமாக உரையாடுவதற்கு அங்கே ‘கதைப்பது’ என்பார்கள். ஆக, உங்கள் பாராட்டு அங்கே ‘நன்றாகத் திட்டினார்கள்’ என்று போய்ச் சேரும். ‘சரியான’ என்பதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ‘சரியான விலை’ நியாயமான விலை. இலங்கைப் பேச்சில் ‘சரியான’ என்பது மிகுதியைக் காட்டும், ‘சரியான வெயில்’, ‘சரியான கஷ்டம்’ என்பது மாதிரி. அந்தக் காதுக்கு ‘சரியான விலை’ என்பது ‘ஏகப்பட்ட விலை’ என்று ஒலிக்க இடமுண்டு. சாப்பாட்டுக்கடை ரிவ்யூ என்றால் ‘கறி’ என்ற ஒரு சொல்லே போதும் கலகத்துக்கு. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அது இறைச்சி. இலங்கையில் சோற்றோடு வருகிற எதுவும் கறி, பருப்பும் கறிதான். சைவச் சாப்பாட்டுக்கடையில் ‘மூன்று கறி வைத்தார்கள்’ என்று ஒருவர் எழுத, இன்னொருவர் அதிர்ந்துபோவார். காரமும் உறைப்பும் இதே கதை, ஆனால் அதில் விபத்து குறைவு, இரண்டும் நாக்கில் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இத்தகைய சொற்களுக்கு எழுத்துத் தமிழுக்கு மாறினால் மட்டும் போதாது, ‘பேசினார்கள்’ என்று திருத்தினாலும் சிக்கல் அப்படியே இருக்கும். என்ன நடந்தது என்று எழுதுவதே வழி. ‘நல்லா பேசினாங்க’ என்பதற்குப் பதில் ‘பொறுமையாகப் பதில் சொன்னார்கள்’. ‘சரியான விலை’ என்பதற்குப் பதில் விலையையே எழுதிவிடலாம். ‘கறி’ என்பதற்குப் பதில் ‘கத்தரிக்காய்க் கூட்டு’ என்றோ ‘ஆட்டுக்கறி’ என்றோ எழுதலாம். ஒரு சொல் உங்கள் பக்கத்து வழக்கா, பொது வழக்கா என்று சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். பேச்சு வழக்குச் சொல்லுக்கும் இலங்கை வழக்குச் சொல்லுக்கும் அதில் தனிக் குறிப்பு போட்டிருக்கும்.

இனி மறுபக்கம். எழுத்துத் தமிழ் என்றதும் பலருடைய கை தானாக மேல்படிக்கு ஏறிவிடுகிறது. பள்ளிக்கூடக் கட்டுரையும் அரசு மனுவும் பழக்கிவிட்ட கை அது. ‘இச்சாதனத்தின் செயல்திறன் மிகச் சிறப்பாக உள்ளது’ என்று எழுதுவார்கள். இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் விளம்பரமும் இப்படித்தான் இருக்கும். காசு வாங்கிக்கொண்டு எழுதியதோ என்ற சந்தேகம் வருவது சொல்லின் பெருமிதத்தால் மட்டுமல்ல. மேல்படித் தமிழ் வினையைப் பெயராக்கிவிடுகிறது. ‘நின்றுவிடுகிறது’ என்பது ‘இயக்கம் தடைபடுகிறது’ ஆகிறது. ‘தெறிக்கிறது’ என்பது ‘பாதுகாப்பற்ற நிலையில் காணப்படுகிறது’ ஆகிறது. வினை பெயரானதும் எப்போது, எவ்வளவு நேரத்தில், எதைப் போட்டபோது என்ற கேள்விகளுக்கு வாக்கியத்தில் இடமே இல்லாமல் போகிறது. எழுதுகிறவருக்கே அவை மறந்துவிடுகின்றன.

ஒரே விஷயத்தை மூன்று படியிலும் எழுதிப் பார்த்தால் தெரியும். முதலில் பேச்சில்:

“மிக்ஸி வாங்கி மூணு மாசம் ஆச்சு. சட்னி சூப்பரா அரைக்குது. ஆனா உளுந்து போட்டா ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது, அடியில இருக்க பட்டன அமுக்குனாதான் திரும்ப ஓடுது. பெரிய ஜார் மூடிய கைல புடிச்சுக்கணும், இல்லன்னா தெறிக்குது. சர்வீஸ்ல கேட்டா தண்ணி கம்மியா ஊத்துனா அப்படித்தான்னு பேசுறாங்க. ஜார மாத்தித் தரல. காசுக்குப் பரவால்ல.”

அதையே மேல்படியில்:

“இம்மின்சாதனத்தைக் கொள்முதல் செய்து மூன்று மாதங்கள் நிறைவடைந்துள்ளன. சட்னி அரைக்கும் திறன் சிறப்பாக உள்ளது. எனினும் உளுந்து அரைக்கையில் இயக்கம் தடைபடுகிறது. மூடியின் பொருத்தம் திருப்திகரமாக இல்லை. சேவை மையத்தின் அணுகுமுறை ஏமாற்றமளிக்கிறது. விலைக்கேற்ற தரம் எனலாம்.”

முதலாவது கரடுமுரடு, ஆனால் அதில் சரக்கு இருக்கிறது. இரண்டு நிமிடம், அடியில் பட்டன், கையால் பிடிக்க வேண்டிய மூடி, தண்ணீர் பற்றிய பதில். இரண்டாவதில் இவை நான்கும் ஆவியாகிவிட்டன. பேச்சுத் தமிழ்க் கட்சிக்காரர்கள் சொல்வதில் இருக்கும் நியாயம் இதுதான். பேசுகிறபடி எழுதுகிறவர் நடந்ததை எழுதுகிறார். ஆகவே முதல் நகலைப் பேச்சிலேயே எழுதுங்கள், பிறகு நடுப்படிக்கு ஏற்றுங்கள். நேராக எழுத்துத் தமிழில் உட்கார்ந்தால் இரண்டாவது மாதிரிதான் வரும். நடுப்படியில் இப்படி இருக்கும்:

“சட்னிக்கு வாங்கலாம், இட்லி மாவுக்கு வேண்டாம். 750 வாட்ஸ், மூன்று ஜார். மூன்று மாதமாகத் தினமும் ஓடுகிறது. தேங்காய்ச் சட்னி ஒரு நிமிடத்தில் நைசாக அரைகிறது. ஊறவைத்த உளுந்து ஒரு டம்ளர் போட்டால் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். பெரிய ஜாரின் மூடியைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தெறிக்கிறது. சத்தம் அதிகம். சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, ‘தண்ணி கம்மியா ஊத்துனா அப்படித்தான் நிக்கும்’ என்றார்கள். தண்ணீர் கூட்டியும் பார்த்தேன், மூன்று நிமிடத்தில் நின்றது. ஜாரை மாற்றித் தரவில்லை.”

என்ன மாறியது என்று பார்க்கலாம். ‘ஜார்’, ‘பட்டன்’, ‘சர்வீஸ் சென்டர்’, ‘டம்ளர்’, ‘நைசாக’ எதையும் தமிழாக்கவில்லை. ‘கலன்’, ‘பொத்தான்’, ‘சேவை மையம்’ என்று மாற்றினால் படிப்பவர் மனத்துக்குள் திரும்பப் பெயர்த்துக்கொள்ள வேண்டிவரும். பிளேடைக் ‘கத்தி’ என்று எழுதி, மிக்ஸியோடு ஒரு கத்தியும் இலவசமாக வந்ததாக நினைக்க வைத்தவர்களும் உண்டு. எழுத்துத் தமிழ் என்பது இலக்கணத்தைப் பற்றிய முடிவு, கடன்சொல்லை விரட்டுவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதால்தான் எழுத்துத் தமிழ் கடினம் என்ற பெயர் வந்திருக்கிறது.

‘சட்னி அரைக்குது’ என்பது ‘சட்னி அரைகிறது’ ஆகியிருப்பதைக் கவனியுங்கள். மிக்ஸி அரைக்கிறது, சட்னி அரைகிறது. பேச்சு வேகத்தில் இந்த ஒற்று இருந்தாலும் போனாலும் யாரும் கவலைப்படுவதில்லை. எழுத்தில் ‘உளுந்து அரைக்கவில்லை’ என்றால் நீங்கள் உளுந்தைப் போட்டுப் பார்க்கவே இல்லை என்றும் படிக்கலாம். ‘உளுந்து அரையவில்லை’ என்றால் போட்டும் அது மசியவில்லை. ரிவ்யூவில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஒற்று என்றதும் சந்தி ஞாபகம் வரும். வல்லினம் மிகும் இடங்களை எல்லாம் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ரிவ்யூ முடியாது, விட்டுப்போனாலும் பெரும்பாலான இடங்களில் யாருக்கும் நட்டமில்லை. பொருள் மாறுகிற இடத்தில் மட்டும் கண் வையுங்கள். ‘மூடி தந்தார்கள்’ என்றால் ஒரு மூடியைக் கொடுத்தார்கள். ‘மூடித் தந்தார்கள்’ என்றால் மூடிவிட்டுக் கொடுத்தார்கள். பார்சல் சாப்பாட்டு ரிவ்யூவில் இந்த ஒரு ‘த்’ சாம்பார் கொட்டியதற்குப் பொறுப்பு யார் என்பதையே மாற்றிவிடும்.

சர்வீஸ் சென்டர் பதிலை மட்டும் பேச்சில் விட்டதற்குக் காரணம் உண்டு. ‘பேசுறாங்க’ என்று எழுதியிருந்தால் இலங்கை வாசகருக்குத் திட்டியதாகப் படும் என்பது ஒன்று. அதைவிட, அவர்கள் சொன்னதை எழுத்துத் தமிழில் மாற்றினால் அது உங்கள் சுருக்கமா, அவர்கள் வார்த்தையா என்று தெரியாது. தமிழ்க் கதைகளில் விவரிப்பு எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சிலும் வருவது வாசகருக்குப் பழகிப்போன ஏற்பாடு. மேற்கோள் குறிக்குள் ‘ஊத்துனா’ வந்தால் யாரும் பிழை என்று நினைக்கமாட்டார்கள், பேசியவர் குரல் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் ஊர் வாசனை இருந்தாலும் நல்லதுதான். ஒரு ரிவ்யூவுக்கு இப்படி ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

மேற்கோளுக்கு வெளியே மட்டும் கலக்காதீர்கள். “நேரில் சென்று பார்த்தேன், அங்க ஒருத்தரும் இல்ல” என்ற வாக்கியத்தில் முதல் பாதி வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது, பின்பாதி கைலியில் இருக்கிறது. ‘நேரில் போய்ப் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை’ என்றால் சரியாகிவிடும். கவனித்தீர்களானால், ‘சென்று’ என்பதைக் ‘போய்’ என்று இறக்கியதும், ‘இல்ல’ என்பதை ‘இல்லை’ என்று ஏற்றியதும் சேர்ந்துதான் வாக்கியத்தை நடுப்படிக்குக் கொண்டுவந்தன. திருத்தும்போது எல்லாவற்றையும் மேலே ஏற்ற வேண்டும் என்றில்லை, சிலவற்றை இறக்கவும் வேண்டும்.

முடிவு ஏன் முதல் வாக்கியத்துக்கு வந்தது? போனில் நீளமான ரிவ்யூவின் முதல் சில வரிகள்தான் தெரியும், மிச்சம் மடங்கி இருக்கும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘மூன்று மாதமாகப் பயன்படுத்தி, தினமும் இரண்டு வேளை சட்னி அரைத்து, வாரம் ஒருமுறை மாவும் அரைத்துப் பார்த்ததில் இதை வாங்கச் சொல்ல முடியவில்லை’ என்று எழுதினால், அந்த ‘முடியவில்லை’ மடிப்புக்குள் போய்விடும். வெளியே தெரிவது நீங்கள் மூன்று மாதம் ஆசையாக அரைத்த கதைதான். முதல் வாக்கியத்தை ஆறேழு சொல்லுக்குள் முடித்துவிடுங்கள். இந்த விதி பேச்சுத் தமிழுக்கும் பொருந்தும், ஆனால் எழுத்துத் தமிழில் எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகிற ஆசை அதிகம் என்பதால் அங்கேதான் முடிவு அடிக்கடி மறைந்துபோகிறது.

‘சத்தம் அதிகம்’ என்று மொட்டையாக ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதுவும் தெரிந்து வைத்ததுதான். நூறு ரிவ்யூக்களுக்குள் சத்தத்தைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள் என்று தேடுகிறவர் ‘சத்தம்’ என்று தட்டுவார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாதாரணத் தேடல் ‘சத்தத்தை’ என்பதைக் கண்டுபிடிக்காது, ‘சத்தமா இருக்கு’ என்பதையும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ‘சத்தம்’ என்ற சொல்லின் கடைசியில் இருக்கும் ‘ம்’ அங்கே இல்லை. ‘தேங்காயை’ என்று மட்டும் எழுதினால் ‘தேங்காய்’ என்று தேடுபவருக்கும் அகப்படாது. பேச்சில் ‘தேங்கா’ என்று எழுதினாலும் அகப்படாது. முக்கியமான ஐந்தாறு பெயர்ச்சொற்களை உருபு சேர்க்காமல் ஒருமுறையாவது எழுதிவிடுவது நல்லது. மாடல் எண்ணை மட்டும் பெட்டியில் அச்சடித்திருக்கிறபடியே எழுதுங்கள். ஒலிபெயர்த்தால் ஒருவரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தமிழ் தெரியாதவர் மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திப் படிக்கிற தளம் என்றால் எழுத்து வடிவத்துக்கு இன்னொரு காரணமும் கிடைக்கிறது. ‘அரையல’, ‘நின்னுடுது’ போன்றவற்றில் அந்த மொழிபெயர்ப்புகள் தடுமாறுவது அதிகம், ‘அரையவில்லை’ என்பதில் எதிர்மறை தெளிவாக நிற்கிறது.

முழுக்கப் பேச்சுத் தமிழே பொருந்துகிற இடமும் இருக்கிறது. உங்கள் ஊர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மெஸ், தெருமுனை டீக்கடை, ஆட்டோமொபைல் ஒர்க்‌ஷாப். அங்கே போகப்போகிறவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர், உங்கள் பேச்சு அவர் பேச்சு. ‘மதியம் ஒரு மணிக்கு மேல போனா மீன் குழம்பு தீந்துடும்’ என்பதைத் திருத்தி எழுதினால் சுவைதான் போகும். அங்கேயும் மூன்று விஷயங்களை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். செயப்படுபொருளின் ஐகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ‘மூடியை கையில புடிச்சுக்கணும்’ என்று எழுதினாலும் அது பேச்சாகத்தான் ஒலிக்கும். ‘இல்ல’ என்பது ‘இல்லம்’ சம்பந்தப்பட்டதாகப் படுகிற இடத்தில் ‘இல்லை’ என்றே எழுதுங்கள், ‘இல்ல விழா’ என்று கல்யாணப் பத்திரிகையில் பார்த்துப் பழகிய கண் அது. மூன்றாவதாக, ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்துக்கூட்டல். ‘வெச்சு’ என்று தொடங்கினால் கடைசிவரை ‘வெச்சு’, நடுவில் ‘வச்சு’ வேண்டாம். பேச்சுத் தமிழுக்கு அச்சில் நிலைத்த எழுத்துக்கூட்டல் இல்லாததால் இந்தக் காவலை எழுதுகிறவரே செய்ய வேண்டியிருக்கிறது. எல்லா ஊருக்கும் கேட்டுப் பழகிய ‘இருக்கு’, ‘வருது’, ‘போகுது’ மாதிரி வடிவங்கள் ஒரு பக்கம், ‘வந்துருச்சு, வந்துடுச்சு, வந்திட்டுது’ என்று ஊருக்கு ஊர் பிரிகிறவை இன்னொரு பக்கம். முடிந்தவரை முதல் பக்கத்திலிருந்து எடுங்கள். ‘உடைஞ்சிருச்சு’ என்பதை ‘உடைஞ்சு போச்சு’ என்றால் அதிகம் பேருக்குப் போய்ச் சேரும்.

உங்கள் மிக்ஸிக்குத் திரும்பினால், எழுதி முடித்ததும் ஒரு சோதனை. ரிவ்யூவை வாய்விட்டுப் படியுங்கள். ‘இருக்கிறது’ என்று எழுதியதை நாக்கு தானாக ‘இருக்கு’ என்று படித்தால் நல்லது, வாக்கியம் உங்கள் பேச்சின் மேல்தான் நிற்கிறது. ‘திருப்திகரமாக’ என்ற இடத்தில் நாக்கு நின்று மூச்சு வாங்கினால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அன்றைக்கு ஜாரில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.